காலாவதியான உரையாடல்

ஜனவரி 5-ஆம் தேதி. அம்மாவின் கண்புரை அறுவை சிகிச்சைக்கு ஆன செலவைத் திரும்பப் பெற, ஒருவர் தன் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் செயலியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் உரையாடல் உதவி இருக்கிறது. பாலிசி எண், மருத்துவமனை, அறுவை சிகிச்சை நடந்த நாள், கட்டிய 48,000 ரூபாய் என எல்லாவற்றையும் பொறுமையாகத் தருகிறார். பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஏற்றாயிற்று. கண்ணில் பொருத்திய லென்ஸின் ஸ்டிக்கர் மட்டும் பாக்கி. அது மருத்துவமனையிலிருந்து வர வேண்டும்.

மருத்துவமனை இழுத்தடிக்கிறது. பிப்ரவரி 16-ஆம் தேதிதான் ஸ்டிக்கர் கைக்கு வருகிறது. செயலியைத் திறந்தால் பழைய பேச்சு முழுவதும் திரையில் அப்படியே இருக்கிறது. "நீங்க கேட்ட லென்ஸ் ஸ்டிக்கர் கிடைச்சிடுச்சு, இப்ப அனுப்பலாமா?" என்று தட்டுகிறார். "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்று ஒரு சிவப்புப் பட்டை வருகிறது. மீண்டும் முயல்கிறார். அதே பட்டை. செயலியை மூடித் திறக்கிறார், வைஃபையை மாற்றுகிறார், போனையே அணைத்துப் போடுகிறார். பட்டை மாறவில்லை.

அவர் எத்தனை முறை அழுத்தினாலும் மாறாது. நிறுவனத்தின் சர்வர் பதிவில் அந்த நேரத்தில் விழுந்திருக்கும் வரி இது:

```
400 previous_response_not_found
Previous response with id 'resp_...' not found.
```

முந்தைய பதிலைக் காணவில்லை என்கிறது அந்த வரி. நெட்வொர்க் கோளாறும் இல்லை, சர்வர் நெரிசலும் இல்லை. 42 நாள் கழித்து வந்தவருக்காக எடுத்துவைத்திருக்க வேண்டிய உரையாடல், வைத்த இடத்தில் இல்லை. அவ்வளவுதான்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு, இத்தகைய உதவிகள் பின்னால் எப்படி இயங்குகின்றன என்று சற்றுப் பார்க்க வேண்டும். மொழி மாதிரிக்கு இயல்பாக நினைவு கிடையாது. ஒவ்வொரு முறையும் இதுவரை பேசியது முழுவதையும் அதன் முன் வைத்தால்தான் தொடர்ச்சியாகப் பதில் சொல்லும். அப்படி வைக்கும் வேலையைத் தொடக்கத்தில் செயலியை எழுதுபவர்களே செய்துவந்தார்கள். 2023 நவம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் அசிஸ்டென்ட்ஸ் ஏபிஐ என்ற சேவையை அறிமுகப்படுத்தி, அந்தச் சுமையைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு உரையாடலும் அங்கே ஒரு திரெட். `thread_` என்று தொடங்கும் ஓர் அடையாள எண்ணை மட்டும் செயலி வைத்துக்கொண்டால் போதும், பேச்சு முழுவதும் ஓப்பன்ஏஐயின் சர்வரில் இருக்கும். 2025 மார்ச்சில் வந்த ரெஸ்பான்சஸ் ஏபிஐயில் இது வேறு வடிவம் எடுத்தது. ஒவ்வொரு பதிலுக்கும் `resp_` என்று தொடங்கும் ஓர் எண் கிடைக்கும். அடுத்த கேள்வியை அனுப்பும்போது `previous_response_id` என்ற இடத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், பழைய பேச்சு தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ரயில் நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு டோக்கனை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. டோக்கன் பத்திரமாக இருக்கிறது என்பதாலேயே பெட்டியும் அங்கே இருக்கிறது என்று ஆகிவிடாது. ரெஸ்பான்சஸ் ஏபிஐயின் ஆவணம் இதை மறைக்கவில்லை. பதில்கள் இயல்பாக 30 நாள் சேமிக்கப்படும் என்று தெளிவாகவே சொல்கிறது. நம் வாடிக்கையாளர் 42-ஆம் நாள் வந்தார். ஆனால் ஆவணத்தின் அந்த ஒரு வரி, செயலியை எழுதியவர்களின் சோதனையில் ஒருபோதும் எதிர்ப்பட்டிருக்காது. சோதிப்பவர்கள் காலையில் தொடங்கிய உரையாடலை மாலைக்குள் முடித்துவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து வந்து தொடர்பவர் உண்மையான வாடிக்கையாளர் மட்டும்தான். காப்பீடு, கடன், சேர்க்கை, வழக்கு போன்றவற்றில் அப்படி வருவது விதிவிலக்கு அல்ல, வழக்கமே அதுதான்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. "காணவில்லை" என்ற பிழை, ஏன் காணவில்லை என்று சொல்வதில்லை.

இணையத்தின் எச்டிடிபி நெறிமுறையில் காணாமல் போனதற்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. 410 என்றால், இருந்தது, இப்போது இல்லை, இனி வரவும் வராது என்று பொருள். 404 என்றால், கேட்டது கிடைக்கவில்லை என்பது மட்டும்தான். அது தற்காலிகமா, நிரந்தரமா என்பதை 404 சொல்லாது என்று நெறிமுறையே குறிப்பிடுகிறது. காலாவதியான பொருளுக்கு 410 பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் 410 தர வேண்டுமானால், அப்படி ஒன்று முன்பு இருந்தது என்ற பதிவைச் சேவை காலமெல்லாம் வைத்திருக்க வேண்டும். இருந்ததையே சொல்லாமல் விடுவது சில நேரம் பாதுகாப்பும்கூட. கிட்ஹப் தளத்தில் அனுமதி இல்லாத ஒருவர் பிறருடைய தனிப்பட்ட களஞ்சியத்தைக் கேட்டால், அனுமதி இல்லை என்று சொல்லாமல் 404 என்றே பதில் வரும். இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே ஒரு தகவல் கசிவு என்பது காரணம்.

ஆகவே உரையாடல் காணாமல் போனதற்குக் காலாவதி ஒரு காரணம்தான், ஒரே காரணம் அல்ல. யாரோ அதை வேண்டுமென்றே நீக்கியிருக்கலாம். ஓப்பன்ஏஐயில் ஒவ்வொரு சாவியும் ஒரு புராஜெக்ட்டைச் சேர்ந்தது. சோதனைச் சூழலின் சாவியோடு நிஜச் சூழலின் உரையாடல் எண்ணைக் கேட்டாலும் காணவில்லை என்றே வரும். சேமிக்க வேண்டாம் என்று `store` அமைப்பை `false` ஆக்கியிருந்தால் பதில் முதலிலிருந்தே சேமிக்கப்பட்டிருக்காது, அடுத்த கேள்வியிலேயே இந்தப் பிழை வந்துவிடும். தரவை எதுவும் தக்கவைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனங்களிலும் அப்படித்தான்.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. காணாமல் போன எண் எப்போது உருவானது என்று பார்ப்பது. அதற்கு, எண்ணோடு சேர்த்து உருவான நேரத்தையும் தன் தரவுத்தளத்தில் செயலி குறித்துவைத்திருக்க வேண்டும். 42 நாள் பழையது என்றால் காலாவதி என்று நம்பலாம். நேற்று உருவானது என்றால் நீக்கமோ சாவிக் குழப்பமோ இருக்கிறது. மூன்று நொடிக்கு முன் உருவானது என்றால் சேமிப்பே நடக்கவில்லை. பிழைகள் வரும் விதமும் சாட்சி சொல்லும். காலாவதி சொட்டுச் சொட்டாக வரும், ஏனென்றால் ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில் விட்டுப்போய் வெவ்வேறு நாளில் திரும்புகிறார்கள். ஒரு மதியம் திடீரென்று எல்லா உரையாடலும் காணவில்லை என்று கொட்டினால், அன்று காலை யாரோ சாவியை மாற்றியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் செயலி ஒவ்வொன்றையும் காலாவதி என்று எண்ணிப் புது உரையாடல்களாகத் தொடங்கிக்கொண்டே போனால், ஒரு நிமிடத்தில் சரிசெய்திருக்கக்கூடிய பிசகு எல்லா வாடிக்கையாளரின் தொடர்ச்சியையும் அறுத்துவிடும்.

பிழையைப் பிடிக்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். பழைய திரெட் காணாமல் போனால் 404 வந்தது. புதிய முறையில் முந்தைய பதில் காணாமல் போனால் 400 வருகிறது. 400 என்பது தவறான கோரிக்கை எதற்கும் பொதுவான எண். 404-உம் திரெட்டுக்கு மட்டும் உரியது அல்ல. அசிஸ்டென்டின் எண் தவறினாலும் அதே 404தான். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் வேறு தவறுகளையும் காலாவதி என்று எடுத்துக்கொள்வார்கள். பிழையின் உள்ளே இருக்கும் குறியீட்டைப் பார்ப்பதே சரி. பைதான் மொழியில் அதன் சுருக்கம் இப்படி இருக்கும்:

```python
try:
    res = ask(prev_id=row.last_response_id, text=msg)
except openai.BadRequestError as e:
    if e.code != "previous_response_not_found":
        raise
    res = ask(prev_id=None, text=msg,
              history=rebuild(row))
```

நிரல் தெரியாதவர்களுக்கும் இதன் போக்கு புரியும். முதலில் பழைய எண்ணோடு கேட்டுப் பார்க்கிறது. பிழை வந்தால், அது நாம் எதிர்பார்த்த பிழைதானா என்று பார்க்கிறது. வேறு பிழை என்றால் தொடாமல் மேலே அனுப்பிவிடுகிறது. இதே பிழை என்றால், பழைய எண்ணைக் கைவிட்டு, பேச்சைத் திரும்பக் கட்டியெழுப்பி, ஒரே ஒருமுறை மறுபடி கேட்கிறது. அதுவும் தோற்றால் நின்றுவிடுகிறது. சுழற்சியில் மாட்டாமல் இருக்க அந்த ஒரே ஒருமுறை என்ற கட்டுப்பாடு முக்கியம். ஓப்பன்ஏஐ தரும் பைதான் நூலகம் நெரிசல், சர்வர் கோளாறு போன்றவற்றுக்குத் தானாகவே இயல்பாக இரண்டு முறை மறுமுயற்சி செய்யும். காணவில்லை என்ற பிழைக்குச் செய்யாது, ஏனென்றால் காத்திருந்தால் தீரும் பிழை அல்ல அது. நம் வாடிக்கையாளரின் திரையில் தெரிந்த "மீண்டும் முயலவும்" என்ற வாசகம் பொய்யாகிப்போனது இதனால்தான்.

மேலே உள்ள நிரலில் உண்மையான வேலை `rebuild` என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. திரும்பக் கட்டுவதற்குச் சரக்கு எங்கிருந்து வரும்? காலாவதியானதை ஓப்பன்ஏஐயிடம் கேட்டுப் பெற முடியாது. பயனர் எழுதியதும் அவருக்குப் போன பதிலும் ஒவ்வொன்றும் நடந்த அப்போதே நிறுவனத்தின் சொந்தத் தரவுத்தளத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே இது முடியும். பிழை வந்த நாளில் யோசித்துப் பயனில்லை. ஆகவே, நேர்த்தியான மீட்சி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பிழைக்கு 42 நாள் முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டிய வேலை. அடையாள எண்ணை உரையாடலாக நினைத்துக்கொண்ட குழுக்களுக்கும், அதை வெறும் வசதியாக மட்டும் கருதிய குழுக்களுக்கும் வித்தியாசம் தெரியவரும் இடமும் இதுதான்.

நம் காப்பீட்டு உதாரணத்தில் திரையில் பழைய பேச்சு தெரிந்தது. அப்படியானால் நிறுவனத்திடம் பிரதி இருந்திருக்கிறது. திரையில் காட்டுவதற்கென்று வைத்திருந்ததை மீட்பதற்குப் பயன்படுத்த யாரும் நினைக்கவில்லை. இது மிகப் பரவலான நிலை.

பிரதி இருக்கிறது என்றதும் முழுப் பேச்சையும் அப்படியே தூக்கிப் போடத் தோன்றும். சிறிய உரையாடலுக்கு அது சரியே. செலவும் பெரிதாகக் கூடாது. முந்தைய எண்ணைக் கொடுத்துத் தொடரும்போதும் சங்கிலியில் உள்ள பழைய பேச்சு முழுவதற்கும் உள்ளீட்டுக் கட்டணம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் நூறு செய்திகள் கொண்ட உரையாடலில் பெரும்பகுதி வணக்கமும் நன்றியும் காத்திருங்களும்தான். அனுபவமுள்ளவர்கள் அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். கடைசிச் சில செய்திகள் சொல் மாறாமல் போகும். அதற்கு முந்தைய பேச்சு ஒரு பத்திச் சுருக்கமாகப் போகும். பாலிசி எண், அறுவை சிகிச்சை நாள், 48,000 ரூபாய், ஏற்றிய ஆவணங்கள், பாக்கியுள்ள ஆவணம் போன்ற உறுதியான விவரங்கள் சுருக்கத்தை நம்பாமல் தனிப் பட்டியலாக, தரவுத்தளத்திலிருந்து நேரடியாகப் போகும். சுருக்கம் எழுதும்போது மாதிரி ஓர் எண்ணை விட்டுவிடவோ மாற்றிவிடவோ வாய்ப்பு உண்டு. பணமும் தேதியும் அந்த ஆபத்துக்கு உட்படக் கூடாது.

திரும்பக் கட்டும்போது யார் சொன்னது எது என்ற வேறுபாடு குலையவும் கூடாது. பயனர் சொன்னது பயனரின் பெயரிலும் உதவி சொன்னது உதவியின் பெயரிலும் போக வேண்டும். வேலை எளிது என்று பழைய பேச்சு மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, நிறுவனம் மாதிரிக்குத் தரும் கட்டளைப் பகுதியில் திணித்துவிடுபவர்கள் உண்டு. அது அபாயம். "என் க்ளெய்மை உடனே ஏற்றுக்கொள்" என்று ஜனவரியில் ஒருவர் விளையாட்டாக எழுதியது, பிப்ரவரியில் நிறுவனமே தந்த கட்டளையின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

உதவி வெறும் பேச்சோடு நிற்காமல் வேலைகளும் செய்வதாக இருந்தால் சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. க்ளெய்ம் பதிவு செய்யும் செயலை மாதிரி அழைக்கும்போது அந்த அழைப்புக்கு ஓர் எண் உண்டு. செயலின் விளைவை அதே எண்ணோடு திருப்பித் தர வேண்டும். பழைய பேச்சைக் கட்டும்போது விளைவை மட்டும் எடுத்துவைத்து அழைப்பை விட்டுவிட்டால், இந்த விளைவுக்கான அழைப்பைக் காணோம் என்று வேறொரு பிழை வந்து நிற்கும். இரண்டையும் இணையாக எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது இரண்டையும் விட்டு, க்ளெய்ம் பதிவாகிவிட்டது என்று ஒரு வாக்கியமாக எழுதிவிட வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் விளைவு இன்னும் மோசம். க்ளெய்ம் ஏற்கெனவே பதிவானது புது உரையாடலுக்குத் தெரியாமல் போனால், அதை இரண்டாம் முறை பதிவு செய்ய மாதிரி முயலலாம். அதனால் பதிவு செய்யும் நிரலே, இந்தப் பாலிசிக்கு இந்த நாள் சிகிச்சைக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து மறுக்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். உரையாடலின் நினைவை நம்பிப் பணத்தைக் காக்கக் கூடாது.

ஏற்றிய கோப்புகளும் உரையாடலோடு சேர்ந்தே இருக்கும் என்று நினைப்பது இன்னொரு தவறு. அவற்றுக்குத் தனிக் காலக்கெடு உண்டு. அசிஸ்டென்ட்ஸ் ஏபிஐயில் ஒரு திரெட்டோடு இணைத்துத் தேடலுக்காக உருவாகும் கோப்புத் தொகுப்பு, கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து இயல்பாக 7 நாளில் காலாவதியாகும். திரெட் உயிரோடு இருக்கும், அதன் கோப்புகளில் தேட முடியாது. ஆகவே பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் நிறுவனத்தின் சொந்தச் சேமிப்பில் இருக்க வேண்டும். மீட்கும்போது அங்கிருந்து எடுத்து மறுபடி இணைக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் மறுபடி கேட்கக் கூடாது.

பிறகு, புது எண்ணைப் பழைய எண்ணின் இடத்தில் எழுத வேண்டும். ஒரு வரி வேலைதான், ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பட்டை வந்ததும் பொறுமையிழந்து நம் வாடிக்கையாளர் இரண்டு முறை அழுத்துகிறார். இரண்டு கோரிக்கைகளும் ஒரே நொடியில் பிழையைச் சந்திக்கின்றன. இரண்டும் தனித்தனியாகப் பேச்சைக் கட்டி, தனித்தனிப் புது எண்களைப் பெறுகின்றன. கடைசியாக எழுதியது நிலைக்கும், மற்றொன்றில் நடந்த பேச்சு அநாதையாகும். ஸ்டிக்கர் அந்த அநாதைப் பக்கத்தில் போயிருந்தால், ஏற்றியதை ஏற்றவில்லை என்று சொல்லும் நிலை வரும். இதைத் தடுக்க, பழைய எண் இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் மாற்று என்று தரவுத்தளத்திடம் சொல்கிறார்கள்:

```sql
UPDATE chats SET last_response_id = :new
WHERE id = :chat AND last_response_id = :old;
```

மாறிய வரிசை பூஜ்யம் என்று பதில் வந்தால், வேறொருவர் முந்திக்கொண்டார் என்று அர்த்தம். பிந்தியவர் தான் கட்டியதைக் கைவிட்டு, முந்தியவரின் எண்ணை எடுத்துக்கொண்டு தொடர வேண்டும். மாதிரியை இரண்டு முறை அழைக்கும் செலவையும் மிச்சப்படுத்த நினைப்பவர்கள், கட்டத் தொடங்கும் முன்பே அந்த உரையாடலுக்கு ஒரு பூட்டுப் போட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவும் திரைக்குப் பின்னால். திரையில் என்ன சொல்வது?

மோசமானது சிவப்புப் பட்டை என்று தோன்றும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. பிழையை விழுங்கிவிட்டு, சத்தமில்லாமல் வெறுமையான புது உரையாடலைத் தொடங்குவது. திரையில் ஜனவரியின் பேச்சு தெரிகிறது. வாடிக்கையாளர் லென்ஸ் ஸ்டிக்கர் கிடைத்துவிட்டது என்கிறார். எந்தப் பாலிசி, என்ன சிகிச்சை என்று முதலிலிருந்து கேள்வி வருகிறது. இரண்டு அங்குலம் மேலே தான் எழுதிய பதில் கண்ணுக்குத் தெரியும்போது அந்தக் கேள்வியைப் பார்ப்பவருக்கு, இந்த நிறுவனம் தன்னை ஏமாற்றுகிறது என்றுதான் தோன்றும். சிவப்புப் பட்டை வந்தால் தொலைபேசியிலாவது அழைப்பார். இங்கே தவறான பதிலையே சரியென்று நம்பி நடக்கவும் கூடும். திரை காட்டுவதும் மாதிரி அறிந்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் விட்டுக்கொடுக்கவே கூடாத விதி.

சரியாக மீண்ட செயலியில், பழைய பேச்சுக்கும் புதியதற்கும் நடுவே ஒரு மெல்லிய கோடும் ஒரு குறிப்பும் வரும். "ஜனவரி 5 பேச்சின் தொடர்ச்சி. க்ளெய்ம் பதிவாகியுள்ளது. பில், டிஸ்சார்ஜ் சம்மரி பெறப்பட்டன. லென்ஸ் ஸ்டிக்கர் மட்டும் பாக்கி. இதில் தவறு இருந்தால் திருத்தவும்" என்பது போல. தரவுத்தளத்திலிருந்து எழும் நான்கு வரிகள். திரெட், காலாவதி, 404 எதுவும் அதில் இல்லை. எது நினைவில் இருக்கிறது என்று தெரிகிறது, திருத்தவும் இடம் இருக்கிறது. கூடவே, அவர் தட்டிய செய்தி தொலையக் கூடாது. பிழை வந்த செய்தியை எழுத்துப்பெட்டியிலேயே விட்டுவைப்பதோ தானாக மீண்டும் அனுப்புவதோ சின்ன விஷயம்தான். நீளமாக எழுதி அனுப்பி, அது காற்றில் போனவருக்கு அதுவே பெரிய விஷயம்.

பிரதி எதுவுமே இல்லாத குழு என்ன செய்வது? மறைக்காமல் சொல்வதுதான் மிச்சம். முந்தைய உரையாடலைத் தொடர முடியவில்லை என்று சொல்லி, க்ளெய்ம் எண்ணை மட்டும் கேட்டு, மற்ற விவரங்களை நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு மனிதரிடம் பேசும் வழியையும் அங்கேயே தர வேண்டும்.

எப்போதும் மீட்பது சரி என்றும் சொல்லிவிட முடியாது. வாடிக்கையாளர் தானே தன் உரையாடலை அழிக்கச் சொல்லியிருந்தால்? அப்போதும் சேவையிடமிருந்து வருவது அதே காணவில்லை என்ற பிழைதான். அதைக் காலாவதி என்று எண்ணி, பழைய பிரதியிலிருந்து எல்லாவற்றையும் உயிர்ப்பித்துவிட்டால், அழிக்கச் சொன்ன மருத்துவ விவரம் மறுபடி எழுந்து நிற்கும். தன் தரவை அழிக்கக் கோரும் உரிமையை ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும், 2023-இல் இந்தியா இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தருகின்றன. ஆகவே அழிக்கும்போது உள்ளடக்கத்தை நீக்கி, இது பயனர் கேட்டு அழிக்கப்பட்டது என்ற குறியை மட்டும் விட்டுவைக்க வேண்டும். மீட்கும் நிரல் முதலில் அந்தக் குறியைத்தான் பார்க்க வேண்டும். அதேபோல, சொந்தப் பிரதியையும் காலவரையின்றிச் சேர்த்துக்கொண்டே போக முடியாது. க்ளெய்ம் முடிந்தபின் எத்தனை நாள் தேவை என்று முடிவு செய்து, அந்த நாளில் அழிக்க வேண்டும். காலாவதி தவறு அல்ல. யாருடைய கெடு, எப்போது முடிகிறது என்று தெரியாமல் இருப்பதே தவறு.

இவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. சோதனைச் சூழலில் ஓர் உரையாடலைத் தொடங்கி, அதன் பதிலை ஏபிஐ வழியாகவே நீக்கிவிட்டு, அடுத்த செய்தியை அனுப்பினால் போதும். அதே பிழை அப்போதே வரும். அந்தச் செய்தியை ஒரே நேரத்தில் இரண்டு முறை அனுப்பிப் பார்த்தால் இரட்டை எண் சிக்கலும் வெளிப்பட்டுவிடும்.

காலக்கெடு இல்லாத இடத்துக்கே மாறிவிடலாமே என்று கேட்கலாம். ஓப்பன்ஏஐயே அப்படி ஒன்றைத் தருகிறது. 2025-இல் வந்த கான்வர்சேஷன்ஸ் ஏபிஐயில் வைக்கப்படும் உரையாடலுக்கு அந்த 30 நாள் கெடு பொருந்தாது. மாதக்கணக்கில் நீளும் பேச்சுக்கு அதுவே பொருத்தமானது, சந்தேகமில்லை. ஒரே தடவையில் 20 உருப்படிகள் வரை அதில் ஏற்றலாம் என்பதால் பழைய பேச்சை நகர்த்துவதும் கடினமில்லை. ஆனாலும் அங்கேயும் நீக்கம் நடக்கும், சாவி மாறும். கெடு இல்லாத உரையாடலுக்கும் சேவைக்கே கெடு வந்துவிடுவதும் உண்டு.

அது ஏற்கெனவே நடந்த கதை. 2025 ஆகஸ்ட்டில், அசிஸ்டென்ட்ஸ் ஏபிஐ 2026 ஆகஸ்ட் 26-ஆம் தேதியோடு நிறுத்தப்படும் என்று ஓப்பன்ஏஐ அறிவித்தது. திரெட்களைக் கான்வர்சேஷன்ஸுக்குத் தானாக மாற்றித் தரும் கருவி எதையும் தரப்போவதில்லை என்றும், புதிய உரையாடல்களைப் புது இடத்தில் தொடங்கி, பழையவற்றைத் தேவைக்கேற்ப நிரப்பிக்கொள்ளும்படியும் அதன் ஆவணம் சொல்கிறது. சொட்டுச் சொட்டாக வந்த காலாவதி, இங்கே எல்லாருக்கும் ஒரே நாளில் வருகிறது. தரவுத்தளத்தில் `thread_` என்று தொடங்கும் எண்களை மட்டும் வைத்திருக்கும் குழுக்கள், வேறெந்த மேம்பாட்டுக்கும் முன்னால், அந்தத் திரெட்களின் செய்திகளையும் கோப்புகளையும் இறக்கித் தங்கள் சொந்தச் சேமிப்பில் எழுதிவிட வேண்டும். இறக்கியது சரிதானா என்று, மாதக்கணக்கில் யாரும் தொடாத சில உரையாடல்களை எடுத்துத் திரும்பக் கட்டிப் பார்த்துவிடவும் வேண்டும்.